வத்தல் போட்டோ: குவியலா, பிளந்த காயா?

மூட்டை மிளகாய் வத்தல் வாங்குமுன் வியாபாரி போட்டோ அனுப்புகிறார். முழுக் குவியலைக் கேட்பதா, நாலு காயைப் பிளந்து கிட்டத்தில் எடுக்கச் சொல்வதா?

நிறம்
குவியல்: வெளுத்த சோடைக் காய் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது இதில்தான் தெரியும். ஆனால் போன் கேமரா சிவப்பைத் தூக்கிக் காட்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, நிழலில் எடுக்கச் சொல்லுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்த நிறத்தை நம்ப வேண்டாம்.
பிளந்த காய்: ஓரிரு காயின் நிறம் மட்டுமே. நல்லதாகப் பொறுக்கி வைத்திருக்கலாம்.

சுருக்கம்
இரண்டிலும் தெரியும், ஆனால் ரகம் தெரியாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பியாடகி மிளகாய்க்குச் சுருக்கம் இயல்பு. ராமநாதபுரம் குண்டு வத்தல் வழவழப்பாக, உருண்டையாக இருக்க வேண்டும். அது தட்டையாகச் சுருங்கியிருந்தால் பழுக்குமுன் பறித்த காயாக இருக்கலாம்.

பூஞ்சை
குவியல்: பெரும்பாலும் ஏமாற்றிவிடும். ஈரம் மிச்சமிருக்கும் காயில் பூஞ்சை உள்ளே, விதையைச் சுற்றியும் பிடிக்கும். தோல் பளபளவென்றே இருக்கலாம்.
பிளந்த காய்: சாம்பல் அல்லது கறுப்புப் படலம், கறுத்த விதை, காம்படியில் வெள்ளை நூல் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

நிறத்துக்காக வாங்கினால் குவியல் போட்டோ போதும். அரைத்துப் பொடியாக்கவோ, மாதக்கணக்கில் வைத்திருக்கவோ என்றால் பிளந்த காய்தான், அதுவும் மூட்டையின் அடியிலிருந்து எடுத்தது. படத்தில் சுத்தமாக இருந்தாலும், பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.