விலை குறைந்த என் 55 இஞ்ச் டிவியும் எச்டிஆர் இருட்டும்

விலை குறைந்ததைப் பார்த்துவிட்டு வைட்ஃபீல்டிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "மச்சான், உன் வீட்டு டிவியேதான். வாங்கிடவா?" போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடமாக பானஸ்வாடி வீட்டு ஹாலில் ஓடுகிறது. கிரிக்கெட், செய்தி, சாதாரணப் படம் எதிலும் குறை இல்லை. தோல் நிறம் அவ்வளவு இயல்பாக இருக்கும். என் எரிச்சல், வெளிச்சத்தையும் இருளையும் அதிக வீச்சில் காட்டும் எச்டிஆர் படங்களோடுதான்: சில படங்கள் மட்டும் மொத்தமாக இருண்டு போகும். எச்டிஆரில் பேக்லைட் ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் ரிமோட்டில் ஏற்றவும் வழியில்லை.

ஒரு படத்தில் லாந்தர் வெளிச்சத்தில் இருவர் பேசும் காட்சி. முகமே தெரியவில்லை. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் அந்தப் படக் கோப்பைத் திறந்தேன். படத்தை மாஸ்டர் செய்த மானிட்டரின் உச்ச வெளிச்சம் 4000 நிட்ஸ் என்று இருந்தது. ஆனால் படத்திலேயே அதிக வெளிச்சமான புள்ளி, அதாவது `MaxCLL`, 480 தான். என் பேனல் சுமார் 400 நிட்ஸ் தரும். வெளிச்சத்தைக் கொஞ்சமாகச் சுருக்கினாலே போதும். டிவியோ 4000 வரை வரப்போகிறது என்று நம்பி அதற்கு இடம் ஒதுக்குகிறது. அதனால் வெளிச்சத்தைச் சுருக்கும் வளைவு மிகக் கீழேயே தொடங்கி, முகங்களையும் சேர்த்து இறக்கிவிடுகிறது. வராத விருந்தாளிக்காக இருப்பவர்களைப் பட்டினி போடுவது போல.

டிவியில் இந்தச் சுருக்கலுக்கென்றே இருக்கும் டைனமிக் டோன் மேப்பிங்கைப் போட்டால், கோப்பில் எழுதிய அந்த எண்களை, அதாவது மெட்டாடேட்டாவை, விட்டுவிட்டு ஒவ்வொரு ஃப்ரேமையும் அளக்கிறது. முகம் தெரிகிறது, சரி. ஆனால் லாந்தர் ஃப்ரேமுக்குள் வந்ததும் முகம் மங்கும், வெளியே போனதும் பளிச்சென்று ஏறும். ஒரே காட்சிக்குள் இப்படி ஏறி இறங்குவதை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கண் அதையே தேடும்.

கடைசியில் டிவியிடமிருந்து அந்த வேலையையே பிடுங்கிவிட்டேன். ஒரு சின்ன பிசியை இணைத்து, அதில் எச்டிஆரை அணைத்து, எம்பிவி பிளேயரின் `mpv.conf` கோப்பில் இதை எழுதினேன்:

```
vo=gpu-next
tone-mapping=bt.2390
hdr-compute-peak=yes
```

இப்போது படத்தின் நிஜ உச்சத்தை பிளேயரே அளந்து சுருக்குகிறது. அந்த அளவை அது மெதுவாகவே மாற்றுவதால் துடிப்பு தெரிவதில்லை. டிவிக்குப் போவது எச்டிஆர் இல்லாத சாதாரண எஸ்டிஆர் சிக்னல், அதனால் அது மறுபடி கை வைப்பதில்லை. டிவியில் எஸ்டிஆருக்கும் பேக்லைட்டை முழுதாக ஏற்றி வைக்க வேண்டும். ஆழ்ந்த சிவப்பும் பச்சையும் கொஞ்சம் குறைகின்றன, அது உண்மை. பழைய கிராஃபிக்ஸ் சிப்பாக இருந்தால் படம் திக்கவும் செய்யும்.

நேற்று ராத்திரி அதே லாந்தர் காட்சியைப் போட்டேன். முகத்தில் தாடி மயிர்வரை தெரிந்தது, சுடரும் வெள்ளைத் திட்டாகக் கரையவில்லை. இந்த டிவியில் நான் பார்த்த மிக அழகான படம் அதுதான்.

ஆனாலும் வாங்காதே, மச்சான். உன் வீட்டில் அம்மா டிவியிலேயே இருக்கும் ஆப்பில்தான் படம் பார்ப்பார். அங்கே இந்த மூன்று வரிகளை எழுத இடமில்லை.