‘ஒரே நீலம்தான்’ என்று கடையில் சொன்னால் துணியை வாசல்வரை எடுத்துப் போங்கள்

புது வேலையில் சேர மூன்று நாள் இருந்தபோது ஒரு துணிக்கடையில் ஏமாந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேலைக்கு உடுப்பு வாங்கப் போகிற யாருக்காவது உதவட்டும்.

முதல் நாளுக்கு என்ன நிறம் என்பதில் எனக்கு அதிகக் குழப்பம் இருக்கவில்லை. கடற்படை நீலத்தில் கோட், அதே நீலத்தில் பேன்ட், உள்ளே சந்தன வெள்ளையில் சட்டை. அதிகம் யோசிக்க வேண்டாத கூட்டணி என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். வேலை முடிந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இதுதான் முதல் தப்பு, ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது.

செட்டாக வரும் கோட்டும் பேன்ட்டும் என் அளவில் இல்லை. விற்பனையாளர் தனியாகத் தொங்கிய ஒரு கோட்டையும், வேறு வரிசையிலிருந்து ஒரு பேன்ட்டையும் எடுத்து வந்து மேசைமேல் ஒன்றாகப் போட்டார். "ஒரே துணி, ஒரே ஷேடு மேடம். செட்டுல வர்றதைத்தான் பிரிச்சு மாட்டியிருக்கோம்" என்றார். கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. கோட்டின் கையைப் பேன்ட்டின்மேல் வைத்துப் பார்த்தேன், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. போனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "நல்லா சேருதே" என்று பதில் வந்தது.

இருந்தாலும் ஒரு சந்தேகத்தில், வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றேன். "டேக் இருக்கு மேடம், அலாரம் அடிக்கும்" என்று சிரித்தபடி கையிலிருந்து வாங்கிக்கொண்டார். டேக்கைக் கழற்றிவிட்டு என்னுடன் ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றியது. அப்புறம் அவரே, "பேன்ட் நீளமா இருக்கே, இலவசமா வெட்டித் தைச்சுத் தர்றோம், பத்தே நிமிஷம்" என்றார். எனக்கு அதில் சந்தோஷம்தான். நான் பணம் கட்டிவிட்டு வருவதற்குள் பேன்ட்டின் காலை வெட்டியாகிவிட்டது.

மறுநாள் காலையில் சன்னலோரம் கட்டில்மேல் இரண்டையும் விரித்துப் போட்டேன். கோட் கத்தரிக்காய் பக்கம் சாய்ந்த நீலம். பேன்ட் பாசி பிடித்த மாதிரி பச்சை கலந்த நீலம். என் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தங்கையைக் கூப்பிட்டேன். அவள், "கோட் நல்லாருக்கு, இதுக்கு எந்த பேன்ட் போடப் போறே?" என்று கேட்டாள்.

கடைக்குத் திரும்பப் போனேன். அதே விற்பனையாளர் இரண்டையும் அதே மேசையில், அதே விளக்கின் கீழ் விரித்துக் காட்டினார். மறுபடியும் இரண்டும் ஒன்றாகிவிட்டன! "பாருங்க, எங்க வித்தியாசம்?" என்றார். நானும் ஒரு நொடி அசந்துபோனேன். பேன்ட்டை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, "கால் வெட்டினதை எப்படிம்மா திருப்பி எடுக்கறது?" என்றார். நேற்றைய மேடம் இன்று ‘அம்மா’ ஆகியிருந்தேன். ரசீதை எடுத்துப் பார்த்தால் கோட் 1, பேன்ட் 1 என்றுதான் இருந்தது. செட் என்ற சொல்லே இல்லை. அவர் வாயால் சொன்ன எதுவும் தாளில் ஏறவில்லை. வெளியே வரும்போது, நீளம் வெட்டிய வயதான தையல்காரர் தலை நிமிராமல், "வெளிச்சத்துல பாத்திருக்கணும் பாப்பா" என்றார். அப்படியென்றால் கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

என் சித்தி ஒரு சாயப்பட்டறையின் பரிசோதனைக் கூடத்தில் ஷேடு பார்க்கிறவர். அன்று மாலையே இரண்டையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் முதலில் நிறத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கம் தைத்திருந்த சீட்டைத்தான் பார்த்தார். கோட்டில் 100 சதவீதம் பாலியெஸ்டர் என்று இருந்தது. பேன்ட்டில் 97 சதவீதம் பருத்தி, 3 சதவீதம் எலாஸ்டேன். "ஒரே துணின்னு சொன்னானா? இதை வாசிச்சிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும் கண்ணு" என்றார்.

காரணத்தை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். பாலியெஸ்டருக்கு ஏறும் சாயம் பருத்தியில் நிற்காது, பருத்திக்கு ஏறும் சாயம் பாலியெஸ்டரில் பிடிக்காது. ஆகவே இரண்டிலும் ஒரே நீலத்தைக் கொண்டுவர வேண்டுமானால் இரண்டு வேறு சாயக் கலவைகள் வேண்டும். ஒவ்வொரு கலவையும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதில் வேறுபடும். நம் கண்ணோ அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை, மூன்று வகை உணரிகளால் மொத்தமாக அளந்து ‘நீலம்’ என்று சொல்லிவிடுகிறது. ஒரு விளக்கின் கீழ் அந்த மூன்று அளவும் தற்செயலாக ஒத்துப்போகலாம். விளக்கு மாறினால் விழும் வெளிச்சமே மாறுகிறது, உடனே கணக்கு பிசகிவிடுகிறது. பட்டறையில் இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். ‘லைட் மாறினா ஷேடு ஓடுது’ என்றும் சொல்வார்களாம்.

மறுநாள் என்னைக் கூடத்துக்கே அழைத்துப் போய்ப் பெட்டியில் வைத்துக் காட்டினார். உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம் பூசிய, முன்பக்கம் திறந்த பெட்டி. பொத்தானைத் தட்டினால் விளக்கு மாறும். பகல் வெளிச்சத்துக்கு டி65, அதாவது சுமார் 6500 கெல்வின். கடைகளில் எரியும் குழல்விளக்குக்கு டிஎல்84. பழைய மஞ்சள் குண்டு பல்புக்கு ஏ. என் கோட்டின் கையையும் பேன்ட்டின் காலையும் ஒட்டி வைத்துத் தட்டிக்கொண்டே போனார். டிஎல்84-இல் இரண்டும் அண்ணன் தம்பி. டி65-க்கு வந்ததும் பங்காளிச் சண்டை. துணி வாங்குகிற பெரிய நிறுவனங்கள் எந்த விளக்கில் ஷேடு பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம், இரண்டு மூன்று விளக்கில் ஒத்துப்போனால்தான் எடுப்பார்களாம். கடைக்குப் போகிற நமக்கு ஒரே விளக்குதான், அதுவும் கடைக்காரர் மாட்டியது.

அம்மாவுக்கு அனுப்பிய படம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்றும் கேட்டேன். படம் பிடித்ததே அந்த விளக்கின் கீழ்தானே. அதற்குமேல் போன் கேமரா வெள்ளையை வெள்ளையாகக் காட்டத் தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். ஷேடு பார்க்கப் படத்தை நம்பவே கூடாது என்றார்.

சித்தி அதோடு விடவில்லை. ஒரு வெள்ளைப் பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றிக்கொண்டு, பேன்ட்டின் உள்மடிப்பில் அழுத்திப் பத்துத் தடவை முன்னும் பின்னும் தேய்த்தார். துணியில் நீல வட்டம் விழுந்தது. கூடத்தில் இதையே ஒரு கருவியில் செய்கிறார்கள், பத்துத் தேய்ப்பு, 9 நியூட்டன் அழுத்தம். ஒட்டிய கறையைச் சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள், 5 என்றால் கறையே இல்லை. என்னுடையதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு, "ஈரத்துல ரெண்டுக்கு மேல தேறாது" என்றார். அடர்ந்த நிறங்களில் உலர்ந்து தேய்ப்பதைவிட ஈரத்தில் தேய்க்கும்போது மதிப்பெண் குறைவது வழக்கம்தான், ஆனால் இந்த அளவுக்கு இறங்கக் கூடாதாம். சாயமேற்றியபின் நூலோடு பிணையாமல் தங்கும் மிச்சச் சாயத்தைச் சூடான சோப்புத் தண்ணீரில் பல தடவை அலசி எடுக்க வேண்டும். தண்ணீரையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க அந்த அலசலில் ஒன்றிரண்டைக் குறைத்தால் மிச்சம் துணியிலேயே தங்கி, வேர்வையில் கரைந்து வரும். நான் அதற்குள் செருகப் போவதோ சந்தன வெள்ளைச் சட்டை. நல்லவேளை, போட்டுக்கொண்டு கிளம்பவில்லை.

கோட்டையும் அப்படியே தேய்த்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. கோட்டில் குறையொன்றும் இல்லை, ஜோடிதான் பொய்.

முதல் நாளுக்கு முந்தைய இரவு வரை நிறம் முடிவாகவில்லை. அலமாரியில் ஒரு கறுப்பு பேன்ட்டும், ஒரு சாம்பல் பேன்ட்டும் இருந்தன. கறுப்பைத்தான் முதலில் எடுத்தேன். போனில் சித்தி வேண்டாம் என்றார். கடற்படை நீலமும் கறுப்பும் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும், பகலில் பிரிந்துவிடும். பார்க்கிறவருக்கு, இருட்டில் தவறாக எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தவள் மாதிரி இருக்கும். "கிட்டக் கிட்ட வர்ற நிறம்தான் காலை வாரும். நல்லாத் தள்ளி இருந்தா, வேணும்னே போட்டதுன்னு தெரிஞ்சிடும்" என்றார். சாம்பல் பேன்ட்டோ நீலத்தோடு சேர முயலவே இல்லை. எந்த விளக்கில் கொஞ்சம் மாறினாலும் அது சாம்பல்தான், இது நீலம்தான்.

ஆக, நீலக் கோட், சாம்பல் பேன்ட், சந்தன வெள்ளைச் சட்டை. பளிச்சென்ற வெள்ளைச் சட்டை ஒன்றும் இருந்தது. அதில் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும் வெளுப்பான் ஏற்றியிருப்பதால் வெயிலில் ஒரு வெள்ளை, அறைக்குள் ஒரு வெள்ளை என்று காட்டும். அது தப்பில்லை, பளிச்சென்ற வெள்ளைச் சட்டைகள் பலவற்றுக்கும் உள்ள கதைதான். எனக்கு மட்டும் அந்த வாரத்தில் நிறம் மாறுகிற எதையும் உடம்பில் போடப் பிடிக்கவில்லை.

அந்தப் பேன்ட்டை மூன்று முறை தனியாக ஊறவைத்துத் துவைத்துவிட்டேன். மூன்றாவது தண்ணீரும் நீலமாகவே வந்தது. இப்போது அது வீட்டில் ஒட்டடை அடிக்கும்போது போட்டுக்கொள்ள.

முதல் நாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கூரையைத்தான் பார்த்தேன். கடையில் இருந்ததைப் போன்ற வெள்ளைக் குழல்விளக்குகள் வரிசையாக எரிந்தன. இந்த வெளிச்சத்தில் அந்த ஜோடி பொருந்தியே போயிருக்குமோ என்று ஒரு கணம் வயிறெரிந்தது. பிறகு மேலாளர் என்னை அழைத்துப்போய் என் மேசையைக் காட்டினார். கிழக்குப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்து மேசை.