நாலு மாதம் பீரோவில் கிடந்த போன்: உயிர் வந்தது, பேட்டரி தேறவில்லை

மூன்று வருடம் தினமும் ஓடிய ஆண்ட்ராய்டு போன் இது. 5000 எம்ஏஎச் பேட்டரி, டைப்-சி பின், கழற்ற முடியாத முதுகு. சார்ஜ் தீர்ந்து அணைந்ததை அப்படியே பீரோவில் போட்டு நாலு மாதம் கழித்து எடுத்தால் ஆன் ஆகவில்லை. சார்ஜரில் மாட்டினாலும் படம் வரவில்லை, அதிர்வும் இல்லை. அது மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து பேட்டரி மாற்றியது வரை ஏறக்குறைய எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் தெரிந்தவை கீழே.

முதலில், அந்த நாலு மாதத்தில் உள்ளே என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். திரையில் 0% வந்து போன் அணையும்போது பேட்டரி உண்மையில் காலி இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் செல்லில் ஏறக்குறைய 3.3 அல்லது 3.4 வோல்ட் மிச்சம் இருக்கும்போதே போன் தன்னை அணைத்துக்கொள்ளும். அந்த மிச்சத்தை போனின் கடிகாரச் சுற்றும் செல்லின் இயல்பான கசிவும் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். சுமார் 2.5 வோல்ட்டுக்கு இறங்கியதும், பேட்டரியின் தலைப்பகுதியில் டேப்புக்கு அடியில் இருக்கும் சின்னப் பாதுகாப்புப் பலகை இணைப்பைத் துண்டித்துவிடும். அப்போது பேட்டரியின் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்துத்தான் பல கடைகளில் "பேட்டரி டெட்" என்று சொல்லிவிடுகிறார்கள். பூஜ்யம் காட்டுவது கதவு சாத்தியிருப்பதைத்தான் சொல்கிறது. உள்ளே செல் எந்த நிலையில் இருக்கிறது என்பது அதிலிருந்து தெரியாது.

இந்த நிலையில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டும் யுஎஸ்பி மீட்டர் ஒன்று வேண்டும். வோல்ட், ஆம்பியர், வாட்-மணி மூன்றையும் காட்டுகிற சாதாரண மீட்டரே போதும்.

கேபிள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில், எதிரே போன் இருக்கிறது என்பதை சிசி என்ற சின்னத் தொடுமுனை வழியாக உறுதி செய்த பிறகுதான் சார்ஜர் 5 வோல்ட்டையே விடும். அந்தத் தொடுமுனை அழுக்காக இருந்தாலோ, செத்துக் கிடக்கும் போன் சரியாகப் பதில் கொடுக்காவிட்டாலோ சார்ஜர் மௌனமாக இருந்துவிடும். ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பி-ஏ ஆக உள்ள கேபிளில் இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. 5 வோல்ட் எப்போதும் இருக்கும். அதனால் செத்த போனுக்கு ஏ-முதல்-சி கேபிளும், 5 வோல்ட் 2 ஆம்பியர் தரும் பழைய சார்ஜரும்தான் ஏற்ற ஜோடி. "வேகச் சார்ஜர் போட்டால் செத்த பேட்டரி வெடித்துவிடும்" என்று ஒரு பேச்சு உண்டு. எவ்வளவு மின்னோட்டம் உள்ளே போகலாம் என்று முடிவு செய்வது போனில் இருக்கும் சார்ஜிங் ஐசி. செல் காலியாக இருக்கும்வரை எந்தச் சார்ஜரை மாட்டினாலும் அது சொட்டுச் சொட்டாகத்தான் எடுக்கும்.

இந்தப் போனில் மீட்டர் முதலில் 5.1 வோல்ட், 0.00 ஆம்பியர் காட்டியது. பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் பின்னைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கேபிளைத் திருப்பி மாட்டியதும் 0.06 ஆம்பியர் வந்தது. டைப்-சி கேபிள் எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்ய வேண்டியது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போன் பின்னின் ஒரு வரிசையில் அழுக்கோ அரிப்போ இருக்கிறது என்று பொருள். டார்ச் அடித்துப் பார்த்ததில் பின்னின் அடியில் சட்டைப்பைப் பஞ்சு தட்டையாக அமுங்கிக் கிடந்தது. கேபிள் முழுதாக உட்காராமல் சுமார் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றதும் அதனால்தான். மரப் பல்குச்சியின் நுனியைச் சீவி ஓரமாகச் சுரண்டினால் இது கட்டியாக வந்துவிடும். நடுவில் இருக்கும் நாக்கின் மேல் அழுத்தக் கூடாது. ஊசி, பின்னூசி வேண்டவே வேண்டாம். நாக்கில் இருக்கும் தங்கப் பூச்சு கீறினால் அந்த இடம் சீக்கிரமே பச்சை பிடிக்கும். ஏற்கனவே பச்சை தெரிந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கேபிள் மாட்ட வேண்டும். வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போன் என்றால் வேலை இன்னும் சுலபம். தட்டில் வைத்து அதில் ஏறினால் பழுது பின்னிலோ அதன் பாதையிலோதான்.

சுத்தம் செய்தபின் இரண்டு பக்கமும் 0.06 ஆம்பியர் வந்தது. இது மிகச் சின்ன எண்தான், ஆனால் நல்ல எண். சார்ஜிங் ஐசி விழித்திருக்கிறது, பாதுகாப்புப் பலகையைத் திறக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். ஏறக்குறைய 20 நிமிடம் அதே எண்ணில் நின்றது. பிறகு 0.28 ஆனது. செல் 3 வோல்ட்டை நெருங்கும்வரை இந்த நிதானம்தான். 40-வது நிமிடத்தில் திரையில் சிவப்பு பேட்டரிப் படம் வந்தது. 50-வது நிமிடத்தில் மீட்டர் 1.3 ஆம்பியருக்குத் தாவியது. பவர் பட்டனை அழுத்தியது அதற்குப் பிறகு, ஒன்றே கால் மணி நேரம் ஆனபோது. போன் முழுதாக எழுந்தது.

பெரும்பாலானோர் தவறுவது இந்த முதல் அரைமணி நேரத்தில்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பவர் பட்டனை அழுத்திப் பார்ப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.1 ஆம்பியரில் அரைமணி நேரம் ஏறினால் சேர்வது 50 எம்ஏஎச், இந்தப் பேட்டரியில் வெறும் ஒரு சதவீதம். போன் எழ முயலும்போது 1.5 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிட முயற்சியே 25 எம்ஏஎச் தின்றுவிடும். லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும். மீட்டரில் ஆம்பியர் ஏறி ஏறி விழும். இந்தச் சுழலில் மாட்டினால் கையை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா விடுவதே வழி. கம்ப்யூட்டரின் யுஎஸ்பி பின்னில் மாட்டினாலும் இதே சுழல் வரலாம். அதன் 0.5 ஆம்பியர் தொடக்கத்துக்குப் போதும். போன் எழும் கட்டத்தில் பற்றாது.

எல்லா மௌனமும் பேட்டரியால் வருவதில்லை. மீட்டர் 1.5 ஆம்பியருக்கு மேல் எடுத்து, இரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்ல 0.1-க்கு இறங்கினால் போன் ஒழுங்காகச் சார்ஜ் ஏறி முடித்துவிட்டது, திரைதான் போயிருக்கிறது. அந்தப் போனின் எண்ணுக்குக் கால் செய்தால் மணி அடிக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டும்போது கருப்புத் திரையுடன் QDLoader 9008 என்று ஒரு கருவி தெரிந்தால், குவால்காம் சிப் தன் அவசர நிலையில் நிற்கிறது. அது மென்பொருளோ மதர்போர்டோ சம்பந்தப்பட்ட பழுது. எத்தனை கேபிள், சார்ஜர் மாற்றினாலும் ஒரு மணி நேரம் 0.00-ஐத் தாண்டாவிட்டால் கீழ்ப்பகுதி சார்ஜிங் போர்டு, அதிலிருந்து மேலே போகும் ஸ்ட்ரிப், பிறகு பேட்டரி என்ற வரிசையில் கடையில் திறந்து பார்க்க வேண்டும். பல மாடல்களில் பின் இந்தத் தனிச் சின்ன போர்டில்தான் இருக்கிறது. மாற்றுவது சுலபம்.

போன் ஆன் ஆனதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். பேட்டரி என்ன நிலையில் மிஞ்சியது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும். போனை அணைத்தபடி 0-லிருந்து 100 வரை ஏற்றி, மீட்டரின் வாட்-மணி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மீட்டர் காட்டும் எம்ஏஎச் எண்ணை நம்ப வேண்டாம். அது 5 வோல்ட்டில் எண்ணுவது. பேட்டரியின் மேல் எழுதியிருப்பதோ 3.87 வோல்ட்டில். புதிதில் இந்தப் பேட்டரி 5 × 3.87, அதாவது சுமார் 19.4 வாட்-மணி. மீட்டரைக் கடந்தது 15.2. வழியில் சூடாகப் போகும் பங்கைக் கழிக்க 0.87-ஆல் பெருக்கினால் 13.2. ஆக 68 சதவீதம்தான் மிச்சம். நஷ்டக் கணக்கு தோராயமானது, இரண்டு மூன்று சதவீதம் முன்பின் இருக்கலாம்.

அடுத்த ஆறு மாதம் இரண்டாவது சிம்முக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இது தாங்கியது. பிறகு 18 சதவீதத்தில் பட்டென அணையத் தொடங்கியது. கேமராவைத் திறந்தால் 25-லேயே அணைந்தது. இதற்குக் காரணம் கொள்ளளவு குறைந்தது மட்டுமல்ல, செல்லின் உள்தடையும் ஏறிவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து இந்த adb கட்டளையைக் கொடுத்தால் இதைப் போனே காட்டும்:

```
adb shell dumpsys battery
```

இதில் voltage வரி மில்லிவோல்ட்டில் இருக்கும். temperature வரியில் 312 என்றால் 31.2 டிகிரி. ஆண்ட்ராய்டு 11 முதல் உள்ள வயர்லெஸ் டீபக்கிங் வழியாகச் சார்ஜ் வயர் இல்லாமல் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும். 25 சதவீதத்தில் சும்மா இருக்கும்போது 3740. டார்ச்சும் வீடியோப் பதிவும் ஓடும்போது 3370. சுமை ஏறியதும் 370 மில்லிவோல்ட் விழுகிறது. இன்னும் கொஞ்சம் சார்ஜ் இறங்கினால் அதே சுமையில் போன் அணையும் எல்லைக்குக் கீழே போய்விடும். சார்ஜரில் மாட்டியதும் "12%" என்று காட்டுவதும் இதனால்தான். சுமை போனதும் வோல்ட் மேலே வந்துவிடுகிறது.

பேட்டரியை மாற்றியே தீர வேண்டும் என்று முடிவானது இன்னொரு சோதனையில். 100-க்கு ஏற்றி, அணைத்து, இரவு முழுக்க வைத்துக் காலையில் பார்த்தால் 91. அணைந்த போன் ஒரு மாதத்தில் சில சதவீதம் இழப்பது சாதாரணம். ஒரே இரவில் 9 போனால் கசிவு செல்லுக்குள் இருக்கலாம், போர்டிலும் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்தபோதும் வோல்ட் இறங்கியதால் குற்றவாளி செல்தான். செல் மிக ஆழமாகக் காலியாகி அப்படியே கிடந்தால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையும். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளேயே மெல்லிய ஷார்ட் உண்டாக்கும். கடைகளில் வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பேட்டரியை "பூஸ்ட்" செய்வதில் இருக்கும் ஆபத்து இதுதான். சார்ஜிங் ஐசி எச்சரிக்கையாக 0.06-இல் தொடங்கியதற்கும் காரணம் இதே. சும்மா கிடக்கும்போது சூடாகும் பேட்டரியையும், முதுகு மூடியைத் தூக்கும் அளவுக்கு உப்பிய பேட்டரியையும் ஒருமுறைகூட சார்ஜரில் மாட்ட வேண்டாம்.

புதுப் பேட்டரி வாங்கும்போது மேலே அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடை அலமாரியிலேயே இரண்டு வருடம் கிடந்த பேட்டரியும் பூஜ்யம் காட்டலாம், பழைய கதை மறுபடி தொடங்கும். மாட்டியதும் ஆன் ஆகவில்லை என்றால் கனெக்டரை ஒருமுறை கழற்றி அழுத்தி உட்காரவைத்து, அரைமணி நேரம் மீட்டருடன் சார்ஜில் விட்ட பிறகே திருப்பிக் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்தப் போனில் புதுப் பேட்டரி முதல் முழுச் சார்ஜுக்கு எடுத்தது 21.6 வாட்-மணி. அதே சோதனையில் அணைத்து வைத்த இரவுக்குப் பிறகும் 100-இல்தான் நின்றது.