லாகினில் "Something went wrong" என்று வந்தால் நான் எங்கே தேடுகிறேன்

நாலு வருடமாக முதலீடு, காப்பீடு, கரண்ட் பில் எல்லாமே லேப்டாப்பில்தான். அதனால் "Something went wrong" என்று மட்டும் சொல்லி நிற்கும் திரை எனக்குப் பழகிப்போனது. ஆரம்பத்தில் பாஸ்வேர்டைச் சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி அடித்து, ஒருமுறை கணக்கே ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொண்டது. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். பாஸ்வேர்டு தவறு என்றால் பெரும்பாலான தளங்கள் அதைச் சொல்லிவிடும். இந்த மொட்டை வரி வருகிறதென்றால் சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, இல்லை வந்த பதிலை என்ன செய்வதென்று அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை.

போன மாதம் முதலீட்டுத் தளம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்தேன், அதே செய்தி. அங்கே வேலை செய்திருந்தால் பழைய குக்கியோ எக்ஸ்டென்ஷனோதான் காரணம், அந்தத் தளத்தின் குக்கியை மட்டும் அழித்துப் பார்த்திருப்பேன். அப்புறம் வேறு எதையும் மாற்றாமல் வைஃபையை விட்டுவிட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டேன், உடனே உள்ளே போய்விட்டது. ஆக கணக்கு நன்றாக இருக்கிறது, சர்வரும் ஓடுகிறது, சிக்கல் வீட்டு நெட்டில்.

மறுபடி வைஃபைக்கு வந்து F12 அழுத்தி Network பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு லாகின் பட்டனை அமுக்கினேன். சிவப்பில் இரண்டு வரிகள். ஒன்று கேப்ட்சா ஸ்கிரிப்ட், பக்கத்தில் `net::ERR_NAME_NOT_RESOLVED`, அதாவது அந்தப் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. இன்னொன்று லாகின் கோரிக்கை, அதற்குச் சர்வர் தந்த எண் 400. விளம்பரம் வராமல் இருக்க ரவுட்டரில் நான் போட்டு வைத்திருந்த, தளத்தின் பெயருக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ், கேப்ட்சா வரும் முகவரியையும் சேர்த்துத் தடுத்திருக்கிறது. கேப்ட்சா டோக்கன் இல்லாமல் போன கோரிக்கையைச் சர்வர் திருப்பி அனுப்ப, பக்கம் அந்த ஒற்றை வரியைக் காட்டிவிட்டது. அந்த முகவரியை மட்டும் அனுமதித்ததும் சரியாகிவிட்டது. ஆண்ட்ராய்டு போனில் இதே வேலையைச் செய்வது Private DNS, அதை அணைத்துப் பார்க்கலாம்.

Network பகுதியில் சர்வர் தரும் அந்த எண்தான் பெரிய துப்பு. 429 என்றால் அதிகமுறை முயன்றுவிட்டீர்கள், கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். 500, 502, 503 எல்லாம் அவர்கள் பக்கத்துக் கோளாறு, நீங்கள் குக்கியை அழித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. 403 கொஞ்சம் குழப்பமானது. விபிஎன் காரணமாகவும் வரும், கணக்கை முடக்கியிருந்தாலும் வரும், அதனால் விபிஎன்னை அணைத்துவிட்டு ஒரே ஒருமுறை முயலுங்கள்.

பாஸ்வேர்டு தாண்டி ஆத்தென்டிகேட்டர் ஆப்பின் ஆறு இலக்க எண்ணில் நின்றால் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும், நேரம் இரண்டு மூன்று நிமிடம் தள்ளியிருந்தாலே செல்லாது. தானியங்கி நேரத்தைப் போட்டால் போதும்.

எதிலும் சிக்காவிட்டால் கஸ்டமர் கேருக்கு நான் அனுப்புவது மூன்றே விஷயம்: முயன்ற நேரம் நிமிடக் கணக்கோடு, Network பகுதியில் வந்த எண், எந்த நெட்டில் முயன்றேன் என்பது. அவர்கள் சர்வர் பதிவுகளில் தேடுவதற்கு அந்த நேரம்தான் வேண்டும்.