நான்கு வருடமாகப் பக் எண்ணிக்கையை மதிப்பிட்டுப் பார்த்ததில்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: “இந்த ரிலீஸுக்கு அப்புறம் உள்ளே இன்னும் எத்தனை பக் இருக்குன்னு கணக்குப் போடுவேன்னு சொல்வியே, அது உண்மையிலேயே வேலை செய்யுதாடா?” ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முறை பலருக்கும் தெரிந்ததுதான். குளத்தில் எத்தனை மீன் இருக்கிறது என்று அறிய, கொஞ்சத்தைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுபடி வலை போடும்போது அடையாளமிட்டவை எத்தனை சிக்குகின்றன என்று பார்ப்பார்கள். நமக்கு வலை என்பது டெஸ்டர்கள். இரண்டு பேர் ஒரே பில்டைத் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். இருவருக்கும் பொதுவாக அகப்பட்ட பக்குகள் அதிகம் என்றால் மிச்சம் குறைவு, பொது குறைவு என்றால் மிச்சம் அதிகம். சின்ன எண்களுக்கு நான் பயன்படுத்துவது 1951இல் புள்ளியியலாளர் சாப்மன் திருத்திக் கொடுத்த சூத்திரம்:

```
N = (A + 1) * (B + 1) / (m + 1) - 1
```

N மொத்தப் பக்குகளின் மதிப்பீடு, A முதலாமவர் கண்டது, B இரண்டாமவர் கண்டது, m இருவரும் கண்டது.

என்னை விடாமல் படுத்தி எடுப்பது அந்த m. A, B இரண்டும் பட்டியலை எண்ணினால் கிடைத்துவிடும். m மட்டும் ஒரு மனிதர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய எண்.

ஒரு இன்வாய்ஸ் செயலியில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு டெஸ்டர்கள், ஐந்து நாள், ஒரே பில்ட், ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. ஒருவர் 24 பக் கொண்டுவந்தார், மற்றவர் 20. அவற்றில் 12 பொது என்று நான் குறித்தேன். கணக்கு 39 என்றது. மொத்தமாகக் கண்டுபிடித்தவை 32, ஆக இன்னும் 7தான் பாக்கி. கண்டதையெல்லாம் சரி செய்து ரிலீஸ் விட்டோம். அடுத்த ஆறு மாதத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்து 18 பக் வந்தது.

பழைய பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒருவர் “தள்ளுபடி போட்டால் மொத்தத் தொகை தவறு” என்று எழுதியிருந்தார். மற்றவர் “வரி தவறாக வருகிறது” என்று எழுதியிருந்தார். ஒரே திரை, ஒரே இன்வாய்ஸ் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று சேர்த்துவிட்டேன். உண்மையில் முதலாவது, தள்ளுபடிக்கு முன்பே தொகையை முழு எண்ணாக்கியதால் வந்தது. இரண்டாவது, வரி விகிதத்தை மாற்றிய பிறகும் நினைவகத்தில் இருந்த பழைய விகிதத்தை எடுத்ததால் வந்தது. இப்படி நான்கு ஜோடிகளைத் தவறாகச் சேர்த்திருந்தேன். அதாவது m உண்மையில் 8. இப்போது கணக்கு 57 என்கிறது. கண்டவை 36, பாக்கி 21. நான்கு ஜோடிகளில் செய்த பிழை பாக்கியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டியிருந்தது.

இதைவிட வலித்தது இன்னொன்று. ஒன்று என்று நினைத்ததால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை டூப்ளிகேட் என்று மூடிவிட்டிருந்தேன். அந்த நான்கும் சரி செய்யப்படாமலே வெளியே போயின. வந்த 18இல் 4 அவைதான். டெஸ்டர்கள் கண்டுபிடித்துக் கையில் கொடுத்ததை நான் தொலைத்தேன்.

அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். அறிகுறியை வைத்து ஜோடி சேர்ப்பதில்லை. டெவலப்பர் சரி செய்து முடித்து, எந்த வரியை மாற்றினார் என்று தெரிந்த பிறகுதான் m எழுதுவேன். ஒரே திருத்தத்தில் இரண்டு அறிக்கைகளும் தீர்ந்தால் அது ஒரு பக். தாமதமாகிறது, ஆனால் எண் நிலைக்கிறது.

அப்புறம், 57 என்று ஒற்றை எண்ணாகச் சொல்வதும் தவறு. அதே தரவுக்குத் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் சுமார் 11 வருகிறது. 95 விழுக்காடு வரம்பு வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 22 விட வேண்டும். அப்படியென்றால் ஒளிந்திருப்பது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், நாற்பதைத் தாண்டியும் இருக்கலாம். கூட்டத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். யாராவது நடுவில் உள்ள எண்ணை மட்டும் எடுத்து அறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். அது எனக்கு இன்றும் கோபம் வரவைக்கிறது.

பக் விதைப்பதையும் செய்து பார்த்தேன். ஐபிஎம்மில் இருந்த ஹார்லன் மில்ஸ் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்த யோசனை அது. தெரிந்தே சில பக்குகளை உள்ளே வைத்து, அவற்றில் எத்தனை பிடிபடுகின்றன என்று பார்க்க வேண்டும். விதைத்ததில் பாதி பிடிபட்டால், உண்மையானவற்றிலும் பாதிதான் பிடிபட்டிருக்கும் என்று கொள்ளலாம். ஒரே பில்டில் இரண்டு வகையாக விதைத்தேன். பத்து பக்குகளை நானே யோசித்து எழுதினேன்: `<` இருந்த இடத்தில் `<=`, கூட்டலுக்குப் பதில் கழித்தல், இப்படி. இன்னொரு பத்தை எங்கள் பழைய திருத்தங்களைத் திருப்பிவிட்டு உயிர்ப்பித்தேன்:

```
git checkout -b seed-test
git revert --no-commit <fix-hash>
```

டெஸ்டர்கள் 30 உண்மையான பக் கண்டார்கள். நான் எழுதிய பத்தில் 9 பிடிபட்டது, பழைய பத்தில் 5தான். முதல் வகையை நம்பினால் மொத்தம் 33. இரண்டாவதை நம்பினால் 60. அதே ஆட்கள், அதே ஐந்து நாள். மேசையில் உட்கார்ந்து நாம் கற்பனை செய்யும் பக் பளிச்சென்று தெரிகிற பக். இரண்டு பேர் ஒரே இன்வாய்ஸை ஒரே நேரத்தில் திருத்தும்போது மட்டும் வருகிற பக் என் கற்பனையில் வரவே இல்லை. பழைய பதிவுகளில் அது இருந்தது.

பழையதைத் திருப்பிவிடுவதிலும் தொல்லை உண்டு. கோட் வெகுவாக மாறியிருந்தால் கான்ஃப்ளிக்ட் வரும். திருத்தத்துக்காக எழுதிய தானியங்கி டெஸ்ட் இன்னும் இருந்தால், ஆட்கள் தொடுவதற்கு முன்பே அது கத்திவிடும். அவற்றை மட்டும் அந்தக் கிளையில் நிறுத்திவைக்க வேண்டும். விதைத்தவர் சோதிக்கக் கூடாது. சோதிப்பவருக்கு பில்ட் மட்டும்தான், கோட் பார்க்கும் அனுமதி கிடையாது. முடிந்ததும் கிளையை அழித்துவிட வேண்டும். ஒருமுறை அவசரத்தில் ஒரு விதையோடு சேர்ந்தே மெர்ஜ் கோரிக்கை போனது. ரிவ்யூ செய்தவர் பார்த்ததால் தப்பினோம்.

இரண்டு முறைகளும் ஒரு பக்கமாகவே சாய்கின்றன. சுலபமான பக் எல்லோருக்கும் தெரிகிறது, அதனால் m வீங்குகிறது, மதிப்பீடு குறைகிறது. டெஸ்டர்கள் இருவரும் ஒரே செக்லிஸ்டைப் பிடித்து நடந்தால் இன்னும் மோசம். மாறாக ஒருவருக்குத் திரைகளையும் மற்றவருக்குக் கணக்குகளையும் பிரித்துக் கொடுத்தால் m கிட்டத்தட்ட பூஜ்யமாகி எண் வானத்துக்குப் போகும். இருவருக்கும் முழு பில்டும் கொடுத்து, வழியை அவரவரே தேர்ந்தெடுக்க விட்டால்தான் ஓரளவு ஒத்துவருகிறது.

நண்பனுக்கு என் பதில்: வேண்டாம், இதை வைத்து ரிலீஸ் தேதியை முடிவு செய்யாதே. நான்கு வருடமாக இதைச் செய்துகொண்டே ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்பான். அந்த நான்கு டூப்ளிகேட்டும் இன்னும் என் மனதில் இருக்கின்றன, அதுதான் காரணம். அடுத்த பில்ட் திங்கட்கிழமை வருகிறது. இரண்டு டெஸ்டர்களுக்கும் தனித்தனிப் பட்டியல் திறந்து வைத்துவிட்டேன். m கட்டம் இப்போதைக்குக் காலியாக இருக்கிறது.