உருவத்தைப் பிடிப்பதா, டேக்கைப் பிடிப்பதா: பி அண்ட் ஐடி படிக்க இரண்டு வழிகள்

பைப், வால்வு, பம்ப், கருவிகள் எல்லாம் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டுவது பி அண்ட் ஐடி டிராயிங். ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பி அண்ட் ஐடியை மேஜையில் விரித்தால் அதைப் படிக்க இரண்டு வழி இருக்கிறது. லெஜண்ட் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தடித்த பைப் கோட்டைப் பிடித்து, வழியில் வரும் ஒவ்வொரு வால்வையும் பம்பையும் உருவத்தை வைத்து அடையாளம் கண்டபடியே போவது ஒன்று. இன்னொன்று பைப்பை அப்படியே விட்டுவிட்டு, வட்டத்துக்குள் இருக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த டேக்கைப் பிடித்து, அளக்கும் கருவியிலிருந்து கண்ட்ரோலர் வழியாக வால்வு வரை போகும் ஒரு லூப்பை முழுசாகச் சுற்றி முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவது. முதல் இரண்டு வருடம் நான் உருவக் கட்சி. இப்போது டேக் கட்சி. மாறியதற்குக் காரணம் ஒரே ஒரு வால்வு, அது கீழே வருகிறது.

உருவ வழியைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. இரண்டு முக்கோணங்கள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றால் கேட் வால்வு, முட்டும் இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் குளோப், வெற்று வட்டம் இருந்தால் பால், இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவே ஒரு சாய்கோடு இருந்தால் பட்டர்ஃபிளை. ஒரு மாலைக்குள் மனப்பாடம் ஆகிவிடும். சிக்கல் என்னவென்றால், இந்த உருவங்களை ஒவ்வொரு டிசைன் அலுவலகமும் கொஞ்சம் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்கிறது. முக்கோணங்கள் முழுக்கக் கறுப்பாக இருந்தால் பல லெஜண்டுகளில் அது சாதாரணமாக மூடியே இருக்கும் வால்வு. நான் ஒருமுறை அதை அச்சுக் கோளாறு என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன்.

டேக் எழுத்துகள் அவ்வளவு வளைவதில்லை. கருவிக் குறியீடுகளுக்கான ISA-5.1 தரநிலையில் முதல் எழுத்து எதை அளக்கிறோம் என்பதைச் சொல்லும்: F என்றால் ஓட்டம், L மட்டம், P அழுத்தம், A என்றால் குளோரின், பிஹெச் மாதிரியான பகுப்பாய்வு. அடுத்து வரும் எழுத்துகள் அந்தக் கருவி செய்யும் வேலை: T அனுப்பும், I காட்டும், C கட்டுப்படுத்தும், V வால்வு. எண் ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே லூப்.

மணல் ஃபில்டரின் வெளியேற்ற வால்வை எடுத்துக்கொள்வோம். ஃபில்டருக்கு மேல் நிற்கும் தண்ணீரின் மட்டத்தை மாறாமல் வைத்திருப்பதுதான் இதன் வேலை. LT-201 வெறும் வட்டம், உள்ளே கோடு இல்லை, அதனால் அது களத்தில், ஃபில்டர் சுவரிலேயே இருக்கிறது. அதிலிருந்து விட்டுவிட்டுப் போகும் கோடு மின் சிக்னல். அது LIC-201-இல் போய் முடிகிறது. இந்த வட்டம் ஒரு சதுரத்துக்குள் இருக்கிறது, நடுவே ஒரு முழுக் கோடும் ஓடுகிறது, அதாவது ஆபரேட்டர் இதைக் கண்ட்ரோல் ரூம் திரையில் பார்க்கிறார். அங்கிருந்து LY-201, மின் சிக்னலைக் காற்றழுத்தமாக மாற்றும் ஐ-பை-பி கன்வெர்ட்டர். அதற்கு அப்புறம் கோட்டில் இரட்டைச் சாய்வெட்டுகள் வருகின்றன, இனி ஓடுவது காற்று. கடைசியில் காளான் குடை மாதிரி ஆக்சுவேட்டர் சுமந்த ஒரு பட்டர்ஃபிளை, LV-201, அதன் அடியில் பொடி எழுத்தில் FC.

அந்த FC-யில்தான் என் வழக்கு முழுதும் நிற்கிறது. காற்று போனால் வால்வு மூடிக்கொள்ளும் என்று அர்த்தம், FO என்றால் திறந்துகொள்ளும். உருவத்தை மட்டும் படிப்பவருக்கு இது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். லூப்பாகப் படிப்பவருக்கோ இதிலிருந்து கண்ட்ரோலர் எந்தப் பக்கம் வேலை செய்ய வேண்டும் என்பதே கிடைத்துவிடும், அது பெரும்பாலும் டிராயிங்கில் எங்கேயும் எழுதியிருக்காது. மட்டம் ஏறினால் வால்வு அதிகம் திறக்க வேண்டும். FC வால்வைத் திறக்க அதிகக் காற்று வேண்டும். ஆக மட்டம் ஏற ஏற கண்ட்ரோலர் அவுட்புட்டும் ஏற வேண்டும், இதைத்தான் டைரக்ட் ஆக்‌ஷன் என்கிறோம். அதே இடத்தில் FO வால்வை வைத்தால் காற்று கூடும்போது அது மூடும், அதனால் அவுட்புட் இறங்க வேண்டும், ரிவர்ஸ் ஆக்‌ஷன். உருவம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று மட்டும் கவனம்: சில கண்ட்ரோல் சிஸ்டங்களில் திரையில் 100 சதவீதம் என்றால் எப்போதும் முழுத் திறப்பு என்று வைத்துவிட்டு, தலைகீழாக்கும் வேலையை அவுட்புட் பிளாக்கிலோ பொசிஷனரிலோ செய்திருப்பார்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நான் பட்டது இங்கேதான். ஒரு நிலையத்தில் பழுதான வெளியேற்ற வால்வுக்குப் பதிலாக ஸ்டோரில் இருந்ததை மாட்டினோம். அதே அளவு, அதே பட்டர்ஃபிளை, டிராயிங்கோடு ஒப்பிட்டு நான்தான் சரி என்று சொன்னேன். ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் FO வகை என்பதை யாரும் பார்க்கவில்லை. ஆட்டோவில் போட்டதும் மட்டம் கொஞ்சம் ஏறியது, கண்ட்ரோலர் காற்றைக் கூட்டியது, வால்வு மூடியது, மட்டம் இன்னும் ஏறியது, கடைசியில் தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாக வழிந்தது. ட்யூனிங் சரியில்லை என்று நினைத்து ஒரு மணி நேரம் எண்களை மாற்றிக்கொண்டிருந்தோம், வேறென்ன. பிறகு தெரிந்துகொண்ட வித்தியாசம் இது: ட்யூனிங் மோசமாக இருந்தால் பெரும்பாலும் மட்டம் மேலும் கீழும் ஆடும், திசை தப்பாக இருந்தால் ஆடாது, வால்வு ஒரே பக்கம் ஓடிப் போய் முட்டி நிற்கும். சந்தேகம் வந்தால் மேனுவலில் போட்டு அவுட்புட்டைப் பத்து சதவீதம் நகர்த்தி, வால்வின் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர் நேரில் நின்று பார்த்தால் போதும்.

உருவ வழி ஜெயிக்கும் இடமும் உண்டு, அது பம்ப். ஒரு வட்டமும் அதன் விளிம்பை உரசியபடி வெளியேறும் கோடும் என்றால் சென்ட்ரிஃபியூகல், பேக்வாஷ் பம்ப் பெரும்பாலும் இதுதான். ரசாயனத்தை அளந்து செலுத்தும் டோசிங் பம்ப் வேறு உருவம், டயஃப்ரம் அல்லது பிஸ்டன் அடையாளத்தோடு வரும். டேக்கில் இரண்டுமே P-301, P-401 என்று ஒரே மாதிரி இருக்கலாம். சென்ட்ரிஃபியூகல் பம்ப் மூடிய வால்வை எதிர்த்துக் கொஞ்ச நேரம் சுற்றினால் தண்ணீர் சூடாகும், அவ்வளவோடு போகலாம். டோசிங் பம்ப் அப்படி இல்லை, ஒவ்வொரு அடிக்கும் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய் பைப்பையோ டயஃப்ரத்தையோ கிழித்துவிடும். அதனால் அதன் வெளியேற்றத்தில் முதல் அடைப்பு வால்வுக்கு முன்னாலேயே ரிலீஃப் வால்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இதை உருவத்தைப் பார்த்துப் பைப்போடு போகிறவர்தான் பிடிப்பார். லூப்பில் சேராத கை வால்வு, ட்ரெயின், வென்ட் எல்லாமும் என் வழியில் தப்பிப் போகும்.

சதுரத்துக்குள் வைரம் இருந்தால் இரண்டு வழிக்காரரும் நின்று யோசிக்க வேண்டும். ISA-வின் 1984 பதிப்பில் அது பிஎல்சி, 2009-இல் அது மாற்று சிஸ்டம் அல்லது பாதுகாப்பு சிஸ்டம் என்று ஆனது. டிராயிங் எந்த வருடத்துப் பழக்கத்தில் போட்டது என்பதை லெஜண்டில் தேடிப் பார்க்காமல் நகராதீர்கள்.

என் அனுபவம் பெரும்பாலும் மணல் ஃபில்டரும் டோசிங்கும்தான். மெம்பிரேன் ஸ்கிட் வேலை கொஞ்சம்தான் செய்திருக்கிறேன், அங்கே சப்ளையர் தன் டேக் வரிசையையே தனியாகக் கொண்டுவருவதால் லூப் எண் நிலையத்தோடு ஒட்டாமல் போனதைப் பார்த்தேன், அந்த இடத்தில் உருவ வழியே நல்லதாக இருக்கலாம். மற்றபடி இப்போது நான் ஒரு நகல் எடுத்து, லூப்புக்கு ஒரு நிறம் தீட்டி, ஒவ்வொரு கண்ட்ரோல் வால்வின் பக்கத்திலும் டைரக்ட், ரிவர்ஸ் என்று பென்சிலால் எழுதிவிட்டு, கடைசியாக நிறம் படாத வால்வுகளை மட்டும் பைப்போடு ஒரு நடை பார்க்கிறேன்.