கும்பகோணத்து வீட்டு வாடகைக்குப் பழைய வரி முறையா, புதியதா?

“புதிய முறைக்குப் போனா வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்க முடியாதாமே?” மச்சான் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறான். கும்பகோணத்துச் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறான். அவன் கேள்விப்பட்ட தடை, நாமே குடியிருக்கும் வீட்டுக்குத்தான். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இரண்டு முறையிலும் வட்டிக் கழிவு உண்டு, அதற்கு உச்சவரம்பும் இல்லை.

மாத வாடகை 15,000, ஆண்டுக்கு 1,80,000. மாநகராட்சிக்கு அவன் கட்டிய சொத்து வரி 6,000 போக 1,74,000. அதில் 30 சதவீதம், அதாவது 52,200, நிலையான கழிவு. வெள்ளையடித்தாலும் அடிக்காவிட்டாலும் இதே தொகைதான், ரசீது யாரும் கேட்கமாட்டார்கள். மீதி 1,21,800. வங்கிச் சான்றிதழில் வட்டி மட்டும் 3,00,000 (தவணையில் உள்ள அசல் இதில் சேராது). ஆக 1,78,200 நட்டம்.

இதுவரை இரண்டு முறைக்கும் ஒரே கணக்கு. சொத்து வரியும் 30 சதவீதமும் போக மிஞ்சும் வாடகை வட்டியைத் தாண்டியிருந்தால் வீட்டுக் கணக்கில் வித்தியாசமே வராது. நட்டம் வந்ததால்தான் பாதை பிரிகிறது. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை அதைச் சம்பளத்தில் கழிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் 8 ஆண்டுகள் வரை பின்வரும் வீட்டு வருமானத்தோடு ஈடுகட்டலாம். புதிய முறையில் சம்பளத்தைத் தொட முடியாது.

அப்படியானால் பழையதுதான் லாபமா? 2025-26 நிதியாண்டுக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பளம் 16 லட்சம். பழைய முறையில் 50,000 நிலையான கழிவு, சேமிப்புக் கழிவு 1,50,000, வீட்டு நட்டம் எல்லாம் போக, செஸ்ஸோடு வரி சுமார் 1,86,000. புதிய முறையில் 75,000 மட்டும் கழித்தும் 1,13,100தான். நட்டத்தை முழுசாக விட்டுக்கொடுத்தும் புதியதே ஜெயிக்கிறது. சம்பளம் 9 லட்சம் என்றால் புதிய முறையில் வரியே இல்லை, பழையதில் 17,500 போல வரும்.

மச்சானுக்குத் தீர்ப்பை மாற்றியது கும்பகோணத்து வீடு அல்ல, சென்னையில் அவன் கொடுக்கும் வாடகை. வீட்டு வாடகைப் படியில் 3 லட்சம் விலக்கு கிடைப்பதால் பழைய முறை வரி சுமார் 1,00,700க்கு இறங்குகிறது. அந்த விலக்கு புதிய முறையில் இல்லை. அவனுக்குப் பழையதே சரி என்றேன். ஆனால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் புதிய முறையே தானாக ஒட்டிக்கொள்ளும்.

சொத்து வரியில்தான் நம்மூர்க்காரர்கள் கோட்டை விடுவார்கள். அரையாண்டு வரியை மார்ச் 31க்குள் கட்டினால்தான் இந்த ஆண்டுக் கழிவு. ஏப்ரல் 5 என்றால் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். குடித்தனக்காரர் கட்டியிருந்தால் உரிமையாளருக்குக் கழிவே கிடையாது. மச்சானின் குடித்தனக்காரர் போன அரையாண்டு தானே கட்டிவிட்டு ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.